கவிழ்ந்த டேங்கரும் கூடும் கூட்டமும்

2017 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை காலை. பாகிஸ்தானின் பகவல்பூர் மாவட்டத்தில், அகமதுபூர் ஷர்கியா என்ற ஊருக்கு அருகே, கராச்சியிலிருந்து வடக்கே செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் ஒரு பெட்ரோல் டேங்கர் கவிழ்ந்தது. அதில் சுமார் 40,000 லிட்டர் பெட்ரோல் இருந்தது. மறுநாள் ரம்ஜான் பெருநாள். வண்டி கவிழ்ந்த உடனே தீப்பிடிக்கவில்லை. பெட்ரோல் கசிந்து சாலையோரத்திலும் வயலிலும் தேங்கியது. பக்கத்துக் கிராமத்து மக்கள் குடம், வாளி, பிளாஸ்டிக் கேன் எனக் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்தார்கள். நெடுஞ்சாலையில் போனவர்களும் மோட்டார் சைக்கிளையும் காரையும் நிறுத்திவிட்டு இறங்கினார்கள். காவலர்கள் விரட்டிப் பார்த்தும் கூட்டம் கலையவில்லை. பிறகு ஒரே நொடியில் எல்லாம் பற்றிக்கொண்டது. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். பல உடல்களை மரபணுச் சோதனை வைத்துத்தான் அடையாளம் காண முடிந்தது. இந்த விபத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: டேங்கர் கவிழ்ந்ததால் இவ்வளவு பேர் சாகவில்லை. கவிழ்ந்ததற்கும் பற்றியதற்கும் நடுவே இருந்த நேரத்தில் அவர்கள் அங்கே வந்து சேர்ந்ததால்தான் செத்தார்கள். விலகி நிற்பது, தீப்பொறியை அகற்றுவது, பிறரை எச்சரிப்பது என்று மூன்று கடமைகளைத் தனித்தனியாகச் சொல்லிக் கொடுக்கிறோம். மூன்றையும் கூர்ந்து பார்த்தால் அவை ஒரே கடமையின் மூன்று முகங்கள் என்பதும், அந்தக் கடமை விலகல்தான் என்பதும் தெரியும். இக்கட்டுரையின் வாதம் அதுவே.

அந்த இடைவேளை ஏன் கிடைக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். டேங்கர் நிமிர்ந்து நிற்கும்போது அதன் மேல்மூடிகள் எண்ணெய் மட்டத்துக்கு மேலே இருக்கும். அது பக்கவாட்டில் சாய்ந்ததும் அதே மூடிகள் எண்ணெய் மட்டத்துக்குக் கீழே வந்துவிடுகின்றன. மூடியின் ரப்பர் வளையம் நசுங்கியிருந்தால், அல்லது தகட்டில் கீறல் விழுந்திருந்தால், பெட்ரோல் மெல்ல ஒழுகத் தொடங்கும். பல விபத்துகளில் இந்த ஒழுக்கு பார்ப்பதற்குச் சாதாரணமாக, ஒரு குழாயைச் சரியாக மூடாததுபோலத்தான் இருக்கிறது. வந்து பார்ப்பவருக்குப் பயம் தராமல் இருப்பதும் அதனால்தான். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற திரவம் எரிவதில்லை. அதிலிருந்து எழும் ஆவிதான் எரிகிறது. பெட்ரோல் உறையும் குளிரிலும் ஆவியாகும். பூஜ்யத்துக்கு 40 பாகை கீழே இருந்தாலும் அதன் ஆவி பற்றக்கூடியது. நம் ஊர் வெயிலில் தார்ச்சாலையில் விரிந்து கிடக்கும்போது அது எவ்வளவு வேகமாக ஆவியாகும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 200 லிட்டர் ஆவி கிடைக்கும். அது காற்றோடு கலந்து, பற்றக்கூடிய மிகக் குறைந்த அளவுக்கு நீர்த்துப் பரவினால் சுமார் 15 கன மீட்டர் இடத்தை நிரப்பும். அதாவது ஒரே ஒரு லிட்டர், ஒரு சிறிய அறை முழுவதையும் எரியும் காற்றாக மாற்றப் போதும். ஒருவர் ஐந்து லிட்டர் கேனில் பெட்ரோல் பிடிக்கும்போது கீழே சிந்துவது எவ்வளவு என்று இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அந்த ஆவி எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது மேலே எழுந்து கலைந்துபோகாது; தண்ணீர்போலத் தாழ்ந்த இடத்தைத் தேடி ஊர்ந்து போகும். சாலையோர வாய்க்கால், சர்வீஸ் ரோடு, சுரங்கப்பாதை, சிறுபாலத்தின் அடிப்பகுதி எல்லாம் அது தங்கும் இடங்கள். இன்னொரு இயல்பும் உண்டு, அதைப் பலர் அறிவதில்லை. பெட்ரோல் ஆவி காற்றில் எந்த அளவில் கலந்திருந்தாலும் பற்றிவிடாது. நூற்றுக்கு 1.4 பங்குக்குக் குறைவாக இருந்தால் பற்றாது, சுமார் 7.6 பங்குக்கு மேல் இருந்தாலும் காற்றுப் போதாமல் பற்றாது. கசிவின் நடுவில் ஆவி மிகுதி, வெளியே போகப் போகக் குறைவு. ஆகவே எரியக்கூடிய கலவை இருப்பது கசிவின் நடுவில் மட்டுமன்று. நடுவைச் சுற்றியுள்ள வளையத்தில்தான் அது பரந்து கிடக்கும். வேடிக்கை பார்ப்பவர்கள் ‘நாம் கிட்டே போகவில்லை, தள்ளித்தான் நிற்கிறோம்’ என்று நினைத்து நிற்பது பெரும்பாலும் அந்த வளையத்துக்குள்தான். அவர்களுடைய வண்டிகள் நிற்பதும் அங்கேதான். அந்த வளையத்தின் ஓரத்தில் ஒரு பொறி விழுந்தால் தீ ஆவியின் வழியே பின்னோக்கி ஓடி டேங்கரை அடையும். நடுவில் நிற்பவருக்கு ஓட வழி இருக்காது.

எனவே ‘தள்ளி நில்லுங்கள்’ என்ற சொல் போதாது. எவ்வளவு தள்ளி, எந்தப் பக்கம் என்பதைச் சொல்ல வேண்டும். அபாயப் பொருள் விபத்துகளுக்கு முதலில் போய்ச் சேருபவர்களுக்காக வட அமெரிக்க நாடுகள் வெளியிடும் கையேடு, பெட்ரோல் சிந்தினால் எல்லாத் திசையிலும் குறைந்தது 50 மீட்டர் காலி செய்யச் சொல்கிறது. சிந்தியது அதிகமானால் காற்று வீசும் திசையில் 300 மீட்டர் வரை மக்களை வெளியேற்றச் சொல்கிறது. டேங்கரே தீயில் இருந்தால் 800 மீட்டர். இது பயிற்சியும் பாதுகாப்பு உடையும் உள்ள தீயணைப்பு வீரர்களை வைத்து எழுதப்பட்ட அளவு; அவை இல்லாத நாம் முதல் நிமிடத்திலேயே 300 மீட்டரை எல்லையாக வைத்துக்கொள்வதுதான் சரி. நெடுஞ்சாலையில் அது ஒன்றும் மலைப்பான தூரமில்லை. கிலோமீட்டர் கற்களுக்கு நடுவே 200 மீட்டருக்கு ஒன்றாக நடப்பட்டிருக்கும் சிறு கற்களில் ஒன்றைத் தாண்டி இன்னும் கொஞ்சம் நடந்தால் போதும். பக்கம் என்பது காற்று வரும் பக்கம், மேட்டுப் பக்கம். ஒரு கைப்பிடிப் புழுதியைத் தூவினால், அல்லது மரக்கிளை ஆடுவதைப் பார்த்தால் காற்றின் திசை தெரிந்துவிடும். மூக்கை நம்பி எல்லையை முடிவு செய்யக் கூடாது. பெட்ரோல் வாடை, பற்றும் அளவுக்கு ஆயிரக்கணக்கான மடங்கு குறைவான அளவிலேயே தெரியும். ஆனால் சில நிமிடத்தில் மூக்கு அதற்குப் பழகி, வாடை போய்விட்டது என்று பொய் சொல்லும்.

‘இது டீசல் வண்டி, டீசல் அப்படிப் பற்றாது’ என்பது சாலையில் அடிக்கடி கேட்கும் மறுப்பு. பாதி உண்மை. டீசலின் ஆவி பற்ற அதன் வெப்பம் 35 பாகைக்கு மேல் போக வேண்டும் என்பது இந்தியத் தரம் வைக்கும் கீழ்வரம்பு. சித்திரை வெயிலில் தார்ச்சாலையின் மேற்பரப்பு அந்த வெப்பத்தைச் சாதாரணமாகத் தாண்டும். தவிர, ஒரே டேங்கரில் தனித்தனி அறைகளாகப் பிரித்து ஓர் அறையில் பெட்ரோலும் இன்னோர் அறையில் டீசலும் கொண்டுபோவது வழக்கம். எந்த அறை கசிகிறது என்பதைத் தொலைவிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. நாம் நிற்கும் இடத்திலிருந்து தெரியாத ஒன்றுக்காக அருகே போய்ப் பார்க்கும் முயற்சியே ஆபத்து. ஆகவே பெட்ரோல் என்று வைத்துக்கொண்டு நடப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை.

இரண்டாவது கடமையான தீப்பொறி விஷயத்துக்கு வருவோம். பகவல்பூரில் யாரோ சிகரெட் பற்றவைத்ததால்தான் தீப்பிடித்தது என்று அப்போது பேசப்பட்டது. நம் ஊரிலும் இப்படியான செய்திகளில் சிகரெட்டும் செல்போனும்தான் முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏறும். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அமெரிக்க அரசின் தீப்புலனாய்வு ஆய்வகம் எரிந்துகொண்டிருக்கும் சிகரெட்டைப் பெட்ரோல் ஆவிக்குள் ஆயிரக்கணக்கான முறை வைத்துப் பார்த்தது; ஒருமுறைகூடப் பற்றவில்லை. பற்றவைப்பது சிகரெட்டின் கங்கு அல்ல, அதைக் கொளுத்தும் தீக்குச்சியும் லைட்டரும்தான். செல்போனும் அப்படியே, அது பற்றவைத்தது என்று உறுதியாக நிறுவப்பட்ட நிகழ்வைக் காண்பது அரிது. இதைச் சொல்வது அவற்றுக்குச் சான்றிதழ் கொடுக்க அல்ல. ஒரு சிகரெட்டைக் குற்றவாளியாக்கினால், அந்த ஒரு மூடன் இல்லாதிருந்தால் எல்லாரும் பிழைத்திருப்பார்கள் என்ற தவறான நிம்மதி வந்துவிடுகிறது. உண்மையில் கூட்டம் கூடிய இடத்தில் பொறி நூற்றுக்கணக்கில் இருக்கிறது. ஒவ்வொரு பைக்கிலும் கிளம்பும்போது செல்ஃப் ஸ்டார்ட்டர் பொறி விடும், சைலன்சர் சுடும், காரின் மின்விசிறி தானாகச் சுழலும். பிளாஸ்டிக் கேனில் பெட்ரோல் ஊற்றும்போதே நிலைமின்சாரம் சேரும். இரும்பு வாளி கல்லில் உரசும். பக்கத்துத் தேநீர்க் கடையின் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்.

இதிலிருந்து ஒரு முடிவு பிறக்கிறது. திறந்த நெடுஞ்சாலையில் தீப்பொறிகளை ஒவ்வொன்றாக அணைத்துத் தீர்க்க யாராலும் முடியாது. நம்மால் முடிந்தது ஒன்றுதான்: நம்மோடு வரும் பொறியை அங்கே கொண்டுபோகாமல் இருப்பது. அதாவது தீப்பொறியை அகற்றுவது என்றால் பெரும்பாலும் நம்மையும் நம் வண்டியையும் அகற்றுவது என்றே பொருள். வரிசையில் மாட்டிக்கொண்டவர் என்ன செய்வது என்பதும் இதிலிருந்து தெளிவாகும். கசிவிலிருந்து நல்ல தொலைவில், காற்று வரும் பக்கத்தில் இருந்து, பின்னால் வழியும் இருந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடலாம். வாடை வந்துவிட்டது, முன்னும் பின்னும் வண்டிகள் நெருங்கி நிற்கின்றன என்றால் எஞ்சினை நிறுத்திவிட்டு, மறுபடி சாவியைத் தொடாமல், வண்டியை விட்டு இறங்கிக் காற்றை எதிர்த்து நடக்க வேண்டும். டீசல் எஞ்சின் காற்றோடு பெட்ரோல் ஆவியையும் உறிஞ்சிக்கொண்டால், ஆக்சிலேட்டரில் கால் வைக்காமலே அதன் வேகம் ஏறும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அப்படி ஒரு இரைச்சல் கேட்டால் நீங்கள் ஆவிக்குள் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். லாரிக்காக யோசித்துக்கொண்டு நிற்க அது நேரமல்ல.

மூன்றாவது எச்சரிப்பது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் கண்டு, உணர்ந்து, பிரேக் போட்டு நிற்க 180 மீட்டர் வேண்டும் என்பது சாலை வகுக்கும் பொறியாளர்கள் இந்தியாவில் பயன்படுத்தும் அளவு. டேங்கருக்குப் பக்கத்தில் நின்று கையாட்டுவதில் பயனில்லை. அது ஆட்டுபவரையும் சேர்த்துப் பலி கொடுக்கும். கசிவிலிருந்து 300 மீட்டருக்கு அப்பால், வளைவு இருந்தால் வளைவுக்கும் முன்னால், சாலையோரமாக நின்று எச்சரிக்க வேண்டும். பிரதிபலிக்கும் முக்கோணம் இருந்தால் அதை வைக்கலாம். இல்லையென்றால் நம் ஊர் வழக்கப்படி இலையோடு ஒடித்த மரக்கிளையைச் சாலையில் போடலாம். இரவில் டார்ச் அடிக்கலாம். டயரைக் கொளுத்துவதும் தீப்பந்தம் பிடிப்பதும் கூடவே கூடாது. நடுவே தடுப்பு உள்ள சாலையில் எதிர்ப்பக்கத்தையும் நிறுத்த வேண்டும் என்பதைப் பலர் மறக்கிறார்கள்; ஆவிக்குத் தடுப்பு ஒரு பொருட்டல்ல. 112-க்கோ, தேசிய நெடுஞ்சாலையானால் 1033-க்கோ அழைத்துச் சொல்ல வேண்டியது சில செய்திகள்தான்: கிலோமீட்டர் கல் எண், எந்த ஊரை நோக்கிய பக்கம், கசிவு உண்டா, தீ உண்டா, காயம் உண்டா. முடிந்தால் டேங்கரின் பின்னும் பக்கவாட்டிலும் உள்ள அவசரத் தகவல் பலகையில் உள்ளதையும் சேர்க்கலாம். செல்போன் கேமராவைப் பெரிதாக்கித் தொலைவிலிருந்தே அதைப் படிக்கலாம். 1203 என்ற எண் பெட்ரோலைக் குறிக்கும். அதன் மேல் உள்ள 3YE என்ற குறியில் 3 என்பது தண்ணீர் அல்ல, நுரைதான் வேண்டும் என்கிறது. Y என்பது சாக்கடையில் போகவிடாமல் தடுக்கச் சொல்கிறது. E என்பது சுற்றியுள்ள மக்களை வெளியேற்றுவதை யோசிக்கச் சொல்கிறது. டேங்கரே தன்னைப் பற்றி மூன்று எழுத்தில் சொல்லிவிடுகிறது.

எச்சரிக்கையின் சொல்லும் கணக்கில் வரும். பகவல்பூரில் கசிவைப் பற்றி ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்ததும்தான் மக்கள் ஓடி வந்தார்கள் என்று அப்போதைய செய்திகள் கூறின. ‘டேங்கர் கவிழ்ந்து பெட்ரோல் ஓடுகிறது’ என்பது ஒரு தகவல். கேட்பவர் அதை அழைப்பாகவும் எடுத்துக்கொள்வார். ‘அடுப்பை அணைத்துவிட்டு, வண்டியை எடுக்காமல், குழந்தைகளோடு மேற்கே பெரிய ஏரிக்கரைப் பக்கம் நடந்து போங்கள்’ என்பது கட்டளை. இரண்டுக்கும் நடுவே எத்தனை உயிர் இருக்கிறது என்பதை ஊராட்சித் தலைவர்களும், கோயில், மசூதி, தேவாலயங்களின் மைக்கைக் கையில் வைத்திருப்பவர்களும் மனத்தில் கொள்ள வேண்டும். விலகல் முறையாக நடந்தால் என்னவாகும் என்பதற்குக் கோயம்புத்தூர் சாட்சி. 2025 ஜனவரி 3 அதிகாலையில் அவினாசி சாலை மேம்பாலத்தில் சமையல் எரிவாயு டேங்கர் ஒன்று கவிழ்ந்து கசிந்தது. எரிவாயு பெட்ரோலைவிட வேகமாகப் பரவுவது. சுற்றியிருந்த சாலைகள் அடைக்கப்பட்டன. அக்கம்பக்கப் பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. தீயணைப்புத் துறையினர் தண்ணீரைப் பீய்ச்சியபடி கசிவை அடைத்தார்கள். கிரேன்கள் வந்து டேங்கரை நிமிர்த்தின. பல மணி நேரம் ஊர் முடங்கியது. யாரும் சாகவில்லை.

இதற்கு வரும் மிகக் கனமான மறுப்பு வறுமை. பெட்ரோல் அள்ள வருபவர்களை அறியாதவர்கள், பேராசைக்காரர்கள் என்று திட்டுவது எளிது. நாள் கூலிக்கு ஈடான பெட்ரோல் தரையில் ஓடும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்வது, பசியை அறியாதவன் சொல்லும் அறிவுரை என்பார்கள். அந்த மறுப்பில் நியாயம் உண்டு. நைஜீரியாவின் ஜிகாவா மாநிலத்தில் மாஜியா என்ற ஊரில் 2024 அக்டோபரில் இதேபோல ஒரு டேங்கர் கவிழ்ந்து, எண்ணெய் அள்ள வந்தவர்களில் 150 பேருக்கு மேல் இறந்தது, அந்நாட்டில் எரிபொருள் விலை கடுமையாக ஏறியிருந்த காலத்தில்தான். மேலும், அள்ளியவர்கள் முன்பு பலமுறை ஒன்றும் ஆகாமல் வீடு திரும்பியிருப்பார்கள். கவிழும் டேங்கர்களில் பல பற்றுவதில்லை. அவர்கள் தம் அனுபவத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. தனியொருவன் அள்ளும்போது இருக்கும் ஆபத்தும், அவனைப் பார்த்து இருநூறு பேர் இருநூறு வண்டியோடு வந்தபின் இருக்கும் ஆபத்தும் ஒன்றல்ல. ஒவ்வொரு புதுக் கேனும் ஆவியைக் கூட்டுகிறது. ஒவ்வொரு புது வண்டியும் பொறியைக் கூட்டுகிறது. முன்பு தப்பித்த அனுபவம் சிறு கூட்டத்தின் அனுபவம்; பெருங்கூட்டத்துக்கு அது பொருந்தாது. வறுமையைக் காரணம் காட்டுபவர் கேட்க வேண்டிய கேள்வி, மக்கள் வந்தபின் இரண்டு காவலரால் ஏன் கலைக்க முடியவில்லை என்பதல்ல. முதல் பத்துப் பேர் வருமுன் சாலை ஏன் அடைக்கப்படவில்லை என்பதே.

இன்னொரு மறுப்பு மனசாட்சியிலிருந்து வருகிறது: ஓட்டுநர் கேபினில் மாட்டியிருந்தால் விட்டுவிட்டு விலகுவதா? எளிய விடை இல்லாத கேள்வி இது. அவர் வெளியே விழுந்து கிடக்கிறார், கசிவு அந்தப் பக்கம் ஓடவில்லை, காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வீசுகிறது என்றால் ஒருவர் போய் அவரை இழுத்து வருவது சரி. ஒருவர்தான், பத்துப் பேர் அல்ல. கேபின் நசுங்கி அவர் சிக்கியிருந்தால் கடப்பாரையும் கட்டரும் கொண்டு போவது அவரையே பற்றவைப்பதாக முடியலாம். தீயணைப்புத் துறையினர் முதலில் கசிவின் மேல் நுரை பரப்பி ஆவியை மூடிய பிறகே இரும்பை வெட்டுகிறார்கள். அந்த வரிசைக்குக் காரணம் உண்டு. பெட்ரோலில் நனைந்தவரைக் கசிவிலிருந்து விலக்கியபின் நிறையத் தண்ணீர் ஊற்றி உடையை மெதுவாகக் கழற்ற வேண்டும். உலர்ந்த உடையை விருட்டென்று இழுத்தால் நிலைமின்சாரம் பொறி விடும். அதேபோல, கசிவைத் தண்ணீர் அடித்துக் கழுவிவிடலாம் என்பதும் நல்லெண்ணத்தில் செய்யும் தவறு. பெட்ரோல் தண்ணீரில் மிதந்து வாய்க்கால் வழியே ஊருக்குள் போகும். மெக்சிகோவின் குவாடலஹாரா நகரில் 1992 ஏப்ரலில் சாக்கடைக்குள் புகுந்த பெட்ரோல் ஆவி வெடித்து, தெருத் தெருவாகத் தரை பிளந்து 200 பேருக்கு மேல் மாண்டார்கள். தொலைவில், காற்று வரும் பக்கத்தில் நின்று வாய்க்காலின் வாயை மண் மூட்டையால் அடைப்பது மட்டுமே பொதுமக்கள் செய்யக்கூடிய வேலை.

இந்த வாதத்துக்கு எல்லை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். 2024 டிசம்பர் 20 அதிகாலையில் ஜெய்ப்பூர்–அஜ்மீர் நெடுஞ்சாலையில் திரும்பிக்கொண்டிருந்த எரிவாயு டேங்கர் மீது ஒரு லாரி மோதி, வால்வுகள் உடைந்து, பரவிய வாயு சற்று நேரத்தில் பற்றியது. முப்பதுக்கும் மேற்பட்ட வாகனங்கள் எரிந்தன. ஏறத்தாழ 20 பேர் இறந்தார்கள். அங்கே வேடிக்கை பார்க்க யாரும் வரவில்லை; சாலையில் இருந்தவர்களுக்கு விலக நேரமே கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட விபத்துக்கு விடை சாலையின் அமைப்பிலும், வால்வுகளின் பாதுகாப்பிலும், ஓட்டுநரின் ஓய்விலும் இருக்கிறது. பொதுமக்களின் கையில் இல்லை. ஆனால் அந்த எல்லையே வாதத்தை இன்னும் உறுதியாக்குகிறது. நேரம் கிடைக்காத விபத்தில் சாவது அங்கே ஏற்கெனவே இருந்தவர்கள். நேரம் கிடைத்த விபத்தில் சாவது பிறகு வந்தவர்கள். முதல் வகைச் சாவைத் தடுக்க அரசும் நிறுவனங்களும் ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டும். இரண்டாம் வகைச் சாவைத் தடுக்க, நாம் போகாமல் இருந்தால் போதும்.

நெடுஞ்சாலையில் ஒரு டேங்கர் கவிழ்ந்து கிடப்பதை நீங்கள் பார்க்கும் நாள் வரலாம். அன்று உங்கள் கையில் இருப்பது 300 மீட்டரும் சில நிமிடங்களும்தான். காற்று வரும் பக்கமாகத் திரும்பி நடங்கள். நடக்கும்போதே எதிரில் வருபவரை நிறுத்துங்கள். குடத்தோடு வருபவரின் கையைப் பிடித்து உங்களோடு கூட்டிச் செல்லுங்கள்.